பொருள்: மே 18-ல் முடியும் என் வேலை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டு

2 பிப்ரவரி 2026
சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய கலைச்செல்வி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் தெங்கா சைட்டில் லிஃப்டிங் குழுவில் இருக்கும் செல்வராசு. ரிக்கர், சிக்னல்மேன் இரண்டு வேலையும் பார்க்கிறேன். போன வாரம் ராஜேந்திரன் அண்ணனிடம் என் பெர்மிட் புதுப்பிப்பு பற்றிக் கேட்டேன். "ஆபீஸ்ல மேடம்கிட்ட எழுத்துல குடுத்துடு, வாயால சொன்னா நிக்காது" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆங்கிலத்தில் எழுதினால் நான் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும்.

என் வேலை அனுமதிச் சீட்டு வரும் மே 18-ஆம் தேதி முடிகிறது. அட்டையில் தேதி இல்லை என்பதால் SGWorkPass செயலியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கம்பெனி இதை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மே மாதம் வரப்போவதற்கு இப்போதே ஏன் அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் பாஸ்போர்ட். அது வரும் செப்டம்பர் 9-ஆம் தேதி காலாவதியாகிறது. பெர்மிட்டை இரண்டு வருடத்துக்குக் கேட்டாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் எம்.ஓ.எம். பாஸ்போர்ட் இருக்கும் வரைக்கும்தான் தரும். பழைய பாஸ்போர்ட்டை வைத்து விண்ணப்பித்தால் நாலு மாதத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். அப்புறம் ஆகஸ்ட் வாக்கில் மறுபடியும் உங்களுக்கு இதே வேலை, மறுபடியும் 35 வெள்ளி கட்டணம். முதலில் பாஸ்போர்ட், பிறகு பெர்மிட் என்று போனால் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

அந்தப் பாஸ்போர்ட் இப்போது ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. டார்மிட்டரியில் பொருட்கள் காணாமல் போன சமயத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்து வைத்தேன். அதை இந்த வாரமே வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும். பிப்ரவரி 17, 18 சீனப் புத்தாண்டு. அதையொட்டி ஆபீஸ் மூடிவிட்டால் மாதக் கடைசி வரை தள்ளிப்போகும். ஆன்லைன் படிவத்தைப் பக்கத்து அறைத் தம்பியின் உதவியோடு நிரப்பி வைத்திருக்கிறேன். இந்தியத் தூதரகத்தின் பாஸ்போர்ட் மையத்துக்கு நேரில் போக ஒரு வார நாளில் அரை நாள் விடுப்பு போதும். சம்பளமில்லா விடுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. 2016-லும் இங்கேயேதான் புதுப்பித்தேன், சிக்கல் எதுவும் வரவில்லை. ஆனால் ஊரில் அறந்தாங்கிப் பக்கம் போலீஸ் சரிபார்ப்பு என்று இழுத்தால் நாள் கூடலாம். அதற்கு இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறேன். புது பாஸ்போர்ட் வந்த அன்றே நகலை உங்களுக்கு அனுப்புகிறேன். புது எண்ணை எம்.ஓ.எம்.மில் மாற்றிவிட்டு அதன்பின் புதுப்பிப்பைத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

இரண்டாவது விஷயம் சி.எஸ்.ஓ.சி. பாதுகாப்புப் பயிற்சி. நான் 2015 மார்ச்சில் இங்கே வந்தவன். 2022 ஏப்ரலில் மறுபடி எடுத்தபோது ஆறு வருடத்துக்கு மேல் கட்டுமானத்தில் இருந்ததால் நாலு வருடத்துக்குக் கொடுத்தார்கள். அது வரும் ஏப்ரல் 15-ல் முடிகிறது, பெர்மிட்டுக்கு ஒரு மாதம் முன்னால். பெர்மிட் பற்றி எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள், இதைத்தான் மறந்துவிடுவார்கள். மார்ச் முதல் பாதிக்குள் ஒரு வகுப்பில் என் பெயரைப் போட்டுவிட்டால் நல்லது. கடைசி நேரத்தில் இடம் கிடைக்காமல், பெர்மிட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தும் இந்த ஒரு அட்டைக்காக நிற்கக் கூடாது.

தேதிகளை நான் இப்படி நினைத்திருக்கிறேன். பிப்ரவரி 13-க்குள் பாஸ்போர்ட் விண்ணப்பம். மார்ச் 14-க்குள் சி.எஸ்.ஓ.சி. மார்ச் 23 வந்தால் பெர்மிட் முடிய சரியாக எட்டு வாரம் இருக்கும், அந்த வாக்கில் உங்களுக்குப் புதுப்பிப்பு அறிவிப்பும் வந்திருக்கும். பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் அந்த வாரமே விண்ணப்பித்துவிடலாம். பாஸ்போர்ட் தாமதமானாலும் ஏப்ரல் நடுவரை காத்திருக்க இடமிருக்கிறது. அதற்கு மேல் தாமதமானால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தேதியையும் சொல்லியாக வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில் கட்டுமானத் தொழிலாளி இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்பது எம்.ஓ.எம். விதி. எனக்கு அது ஏப்ரல் 8 முதல் 27 வரை. நான் மாறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கம்பெனிக்கு என்னை வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்றால் அதை மார்ச் 31-க்குள் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் எனக்கு வேலை தேட நேரம் இருக்கும். மே மாதம் தெரிந்தால் பெட்டியைக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் வைத்துக்கொள்வது கம்பெனிக்கும் லாபம் என்றுதான் நினைக்கிறேன். நான் ஆர்-1 தொழிலாளி. என் மேல் கம்பெனி கட்டும் லெவி மாதம் 500 வெள்ளி. என் இடத்துக்கு ஊரிலிருந்து புதிதாக ஒரு ஆர்-2 ஆளைக் கூட்டிவந்தால் 900 வெள்ளி. வித்தியாசம் மாதம் 400, இரண்டு வருடத்துக்கு 9,600 வெள்ளி. அதுவும் போக, தெங்காவில் இப்போது ப்ரீகாஸ்ட் சுவர் ஏற்றும் வேலை நடக்கிறது. க்ரேன் ஓட்டுநர் இருக்கும் இடத்திலிருந்து பிளாக்கின் பின்பக்கம் தெரியாது. வாக்கி-டாக்கியில் நான் சொல்வதை வைத்துத்தான் அவர் பேனலை இறக்குகிறார். காற்று அடித்தால் பேனல் எந்தப் பக்கம் திரும்பும், டேக் லைனை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கும் எனக்கும் பழகிப்போனது. புது ஆளுக்கும் சர்டிபிகேட் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பழக்கம் வரத்தான் நாளாகும். இந்த வேலை வருடக் கடைசி வரை போகும் என்று ராஜேந்திரன் அண்ணன் சொல்கிறார்.

ஆர்-1 விஷயத்தில் ஒரு சின்ன வேண்டுகோள். ஆறு வருட அனுபவம், மாதம் 1,600 வெள்ளி நிலையான சம்பளம் என்ற வழியில்தான் எனக்கு ஆர்-1 கிடைத்தது. என் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 1,500, நிலையான படி 180 என்று பிரித்துப் போட்டிருக்கிறது. புதுப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்து 1,680 என்று காட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டால் 1,600-க்குக் கீழே போய்விடும், ஓவர்டைமோ இந்தக் கணக்கில் வராது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. புதிதாக யாராவது டைப் செய்யும்போது விட்டுப்போகலாம் என்பதால் எழுதுகிறேன்.

இத்தனை வருடம்தான் இங்கே வேலை பார்க்கலாம் என்ற வருடக் கணக்கு முடிந்துவிடும் என்று சைட்டில் சிலர் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். போன வருடம் ஜூலை 1 முதல் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டுவிட்டது, 63 வயது வரை வேலை பார்க்கலாம். எனக்கு இப்போது 38. அந்தப் பக்கம் தடை எதுவும் இல்லை.

கம்பெனி தரப்பில் செய்ய வேண்டியவை உங்களுக்கு மனப்பாடம். 5,000 வெள்ளி பிணைப்பணத்தை நீட்டிப்பது, மருத்துவக் காப்பீடு, ப்ரைமரி கேர் ப்ளான் எல்லாம் புது காலத்துக்கும் இருக்க வேண்டும். என் முகவரியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நவம்பரில் எங்களை அதே டார்மிட்டரியில் வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள். பதிவில் பழைய அறை எண்ணே இருக்கிறதோ என்று சந்தேகம். இப்போது பிளாக் 4, ஆறாவது மாடி, அறை 12. கைப்பேசி எண் மாறவில்லை. எம்.ஓ.எம். கடிதத்தில் மருத்துவப் பரிசோதனை கேட்டிருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையே போய் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்று இருக்கிறது. எழுதியே விடுகிறேன். டார்மிட்டரியில் ஒருவர், "ரினிவல் வேணும்னா இவ்வளவு தரணும், நான் ஆபீஸ்ல பேசி முடிச்சுத் தரேன்" என்று இரண்டு மூன்று பேரிடம் பணம் கேட்கிறார். அவருக்கும் நம் கம்பெனிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. வேலைக்காகவோ புதுப்பிப்புக்காகவோ தொழிலாளியிடம் பணம் வாங்குவது இங்கே சட்டப்படி குற்றம். ஆனால் புதிதாக வந்த பையன்களுக்கு இது தெரியாது. ஊரில் நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள், பயந்து கொடுத்துவிடுவார்கள். புதுப்பிப்புக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆபீஸ் சார்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெர்மிட் நல்லபடியாக முடிந்தால் ஜூனில் மூன்று வாரம் ஊருக்குப் போய்வர விடுப்பு கேட்பேன். மகளுக்குக் காதுகுத்து வைக்க வேண்டும், இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறோம். திருச்சி விமான டிக்கெட் நெருங்க நெருங்க விலை ஏறும். ஏப்ரல் கடைசிக்குள் தெரிந்தால் நல்ல விலையில் எடுத்துவிடுவேன். இதற்குத் தனியாக விண்ணப்பம் தருகிறேன், இப்போதைக்குத் தெரிவித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், பெர்மிட் அட்டையின் இரண்டு பக்க நகல், சி.எஸ்.ஓ.சி. அட்டை, ரிக்கர் மற்றும் சிக்னல்மேன் சான்றிதழ்கள், ஆர்-1 உறுதிக் கடிதம், நவம்பர் முதல் ஜனவரி வரையிலான சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். 2015-ல் சென்னையில் எடுத்த ஸ்கில் டெஸ்ட் சான்றிதழின் அசல் ஊரில் இருக்கிறது. நகல் போதாது என்றால் சொல்லுங்கள், மனைவியிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டை வாங்க எந்த நாள் வரலாம் என்று மட்டும் இந்த வாரத்துக்குள் ராஜேந்திரன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள் மேடம். வேலை ஏழு மணிக்கு முடியும், சனிக்கிழமை என்றால் மதியமே வர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. செல்வராசு
ரிக்கர் / சிக்னல்மேன், தெங்கா சைட்

நகல்: திரு. ராஜேந்திரன், லிஃப்டிங் சூப்பர்வைசர்