தொடர்மாடி வீட்டை ஒப்படைக்கத் தாமதித்தமைக்கு நட்டஈடு கோரும் கடிதம்

பதிவுத் தபால் மூலம்
உரிமைகளுக்குப் பங்கமின்றி

கனகராயன்குளம்,
வவுனியா மாவட்டம்.
10.11.2025

முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு,
வெள்ளவத்தைத் தொடர்மாடித் திட்டத்தின் கட்டுமான நிறுவனம்,
கொழும்பு 06.

ஐயா,

நான்காம் மாடி, 4/2 இலக்க வீடு: ஒப்படைப்புத் தாமதமும் நட்டஈட்டுக் கோரிக்கையும்

14.02.2023 அன்று நொத்தாரிசு முன்னிலையில் கைச்சாத்திடப்பட்ட விற்பனை உடன்படிக்கையின்படி, 860 சதுர அடி பரப்புடைய மேற்படி வீட்டை 32,000,000 ரூபாவுக்கு எனக்கு விற்பதற்குத் தங்கள் நிறுவனம் உடன்பட்டது. அந்தத் தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதமாகிய 28,800,000 ரூபாவை 20.05.2024 ஆம் திகதிக்குள் செலுத்தி முடித்துவிட்டேன். எஞ்சிய 3,200,000 ரூபா, 6ஆம் பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்படும் நாளில் செலுத்தவேண்டியது. கனகராயன்குளத்தில் எனக்கிருந்த இரண்டு ஏக்கர் வயற்காணியை விற்றும், விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையைச் சேர்த்தும், போதாததற்கு வங்கியில் ஒரு கோடி ரூபா கடன் பெற்றுமே இந்தப் பணத்தைக் கட்டினேன். பற்றுச்சீட்டுகள் எல்லாம் என் கைவசம் உள்ளன.

உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு ஒப்படைக்கும் திகதியை 30.06.2024 எனக் குறிப்பிட்டு, அதற்கு மேல் ஆறு மாதச் சலுகைக் காலத்தையும் தங்களுக்கு வழங்குகிறது. அந்தச் சலுகையும் 31.12.2024 அன்று முடிவடைந்தது. ஒப்பந்தத்தில் திகதி திட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும்போது, அந்நாள் கடந்தவுடனேயே கடமைப்பட்டவர் தவறியவராகிறார் என்பதும், அதற்கெனத் தனியான அறிவித்தல் தேவையில்லை என்பதும் எமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் நிலைப்பாடாகும். ஆகவே இக்கடிதம் இன்று எழுதப்பட்டாலும் தங்கள் தவறு 01.01.2025 முதல் கணக்கிடப்படவேண்டியது.

தாமதத்துக்கு நிறுவனம் இதுவரை மூன்று காரணங்களைச் சொல்லியுள்ளது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டியுள்ளது.

முதலாவது, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது 12.04.2022 அன்று. நாம் கைச்சாத்திட்டது அதற்குப் பத்து மாதங்கள் கழித்து. சீமெந்து விலையும், கம்பி விலையும், டொலரின் பெறுமதியும் எந்த நிலையில் இருந்தன என்பதைத் தங்கள் கணக்காளர்கள் கண்ணால் கண்டபின்னரே 30.06.2024 என்ற திகதியை எழுதிக் கொடுத்தார்கள். கைச்சாத்திடும் நாளில் இரு தரப்புக்கும் தெரிந்திருந்த ஒரு நிலைமையை, பின்னர் எதிர்பாராத இடையூறு என்று 17ஆம் பிரிவின் கீழ்க் கொண்டுவர முடியாது. அதைவிட, அப்பிரிவின் பாதுகாப்பைப் பெறவேண்டுமாயின் இடையூறு ஏற்பட்டு பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் எனக்கு அறிவித்திருக்கவேண்டும். அப்படியான அறிவித்தல் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, 01.01.2024 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தமை. வரி உயர்ந்தால் செலவு கூடலாம். மேசன் வேலைக்கு வராமல் போவதற்கு அது காரணமாகாது. இதே காரணத்தைக் காட்டி 05.08.2025 திகதிய கடிதத்தில் மேலதிகமாக 1,900,000 ரூபா கேட்டுள்ளீர்கள். விலை சகல வரிகளையும் உள்ளடக்கியது என்றும் மாறாதது என்றும் 5ஆம் பிரிவு கூறுவதால், அந்தக் கோரிக்கையை நான் முற்றாக மறுக்கிறேன்.

மூன்றாவது காரணமே எனக்கு மிகுந்த வியப்பளித்தது. 2025 மார்ச்சில் தொலைபேசியில் பேசியபோது ஒப்படைப்புத் திகதியை ஆண்டிறுதிவரை நீடிக்க நான் வாய்மொழியாக இணங்கியதாகத் தங்கள் விற்பனை முகாமையாளர் எழுதியிருக்கிறார். "எப்ப தருவியள்?" என்று நான் கேட்டதும், "பொறுங்கோ ஐயா, வருஷம் முடியிறதுக்குள்ள தந்திடுவம்" என்று அவர் சொன்னதும் உண்மை. பொறுத்திருக்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆகமாட்டார். அது ஒருபுறமிருக்க, காணி தொடர்பான உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் செய்யப்பட்டாலன்றிச் செல்லுபடியாகா என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு விதிக்கிறது. அப்படிச் செய்யப்பட்ட உடன்படிக்கையின் அடிப்படையான நிபந்தனையொன்றைத் தொலைபேசிப் பேச்சு மாற்றிவிட்டது என்ற வாதம் நிற்காது.

ஒப்படைப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று காட்டுவதற்கான முயற்சியையும் இங்கே பதிவு செய்யவேண்டும். வீடு "ஆயத்தம்" என்றும் திறப்பைப் பெற்றுக்கொள்ள வருமாறும் அழைக்கப்பட்டதன்பேரில் 18.10.2025 அன்று மனைவியுடன் நேரில் வந்தேன். மின்தூக்கி வரவேண்டிய குழியின் வாயிலை நான்கு மாடிகளிலும் சட்டப் பலகை வைத்து ஆணியடித்து மறைத்திருந்தார்கள். படிக்கட்டில் கைப்பிடி பொருத்தப்படவில்லை. இதய நோயாளியான என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து இரண்டாம் மாடிவரை ஏறி, அதற்குமேல் முடியாமல் ஒரு சீமெந்துப் பையின்மேல் உட்கார்ந்துவிட்டார். 4/2 இலக்க வீட்டின் குளியலறையில் தண்ணீர்க் குழாயின் வாயை பொலித்தீன் பை சுற்றி அடைத்திருந்தது. மின்குமிழ் ஒன்று கட்டுமான வேலைக்கான தற்காலிக இணைப்பிலிருந்து இழுத்த வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று எடுத்த படங்களைத் திகதியுடன் வைத்திருக்கிறேன்.

இந்நிலையில் திறப்பைக் கையில் தருவது ஒப்படைப்பு ஆகாது. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழான இணக்கச் சான்றிதழ், நிரந்தர நீர் மற்றும் மின் இணைப்புகள், இயங்கும் மின்தூக்கி ஆகிய மூன்றும் இருந்தாலே அந்த மாடியில் ஒருவர் குடியிருக்க முடியும். அதற்கும் மேலாக, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்பட்டாலன்றி 4/2 என்ற தனி அலகுக்கான உறுதியை என் பெயரில் எழுத இயலாது. அன்றைய தினம் கையொப்பமிடுமாறு நீட்டப்பட்ட படிவத்தில், தாமதம் தொடர்பாக எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் ஏழாம் வரியில் இருந்தது. அதில் நான் கையொப்பமிடவில்லை, இனியும் இடமாட்டேன்.

தாமதத்தால் எனக்கு ஏற்பட்ட நட்டம் தாங்கள் அறியாததல்ல. 2023 ஜனவரியில் நிரப்பிக் கொடுத்த முற்பதிவு விண்ணப்பத்தில், வீடு சொந்தக் குடியிருப்புக்கானது என்றும், மனைவி மாதந்தோறும் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இதய சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டியிருப்பதாலும் மகள் கொழும்பில் படிப்பதாலுமே வாங்கப்படுகிறது என்றும் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். 02.12.2024 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த வட்ஸ்அப் செய்தியோ "பொங்கலுக்கு முதல் பால் காய்ச்சலாம்" என்று உறுதி கூறியது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இத்தகைய செய்திகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளிப்பதால் அதனையும் சான்றாக முன்வைப்பேன். அந்தச் செய்தியை நம்பிச் சாமான்களை லொறியில் ஏற்றியபின், புது வீடு இல்லாமல், தெகிவளையில் இரண்டு அறைகள் கொண்ட அனெக்ஸ் ஒன்றை 01.01.2025 முதல் வாடகைக்கு எடுக்கவேண்டியதாயிற்று.

எனது கோரிக்கை பின்வருமாறு அமைகிறது. 2025 ஜனவரி முதல் ஒக்டோபர் வரையான பத்து மாதங்களுக்கு, மாதம் 75,000 ரூபா வீதம் செலுத்திய வாடகை 750,000 ரூபா. வாடகை வீட்டைத் தேடித் தந்தவருக்கான தரகு 75,000 ரூபா. தெகிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு மறுபடியும் சாமான்களை ஏற்றி இறக்குவதற்குப் பெற்ற விலைமனுவின்படி 48,000 ரூபா. தங்கள் அழைப்பின்பேரில் கனகராயன்குளத்திலிருந்து நான்கு தடவைகள் வந்துபோன பயணச் செலவு 31,400 ரூபா. மொத்தம் 904,400 ரூபா. 01.11.2025 முதல் முறையாக ஒப்படைக்கும் நாள்வரை, நாளொன்றுக்கு 2,500 ரூபா வீதம் இத்தொகை கூடிக்கொண்டு செல்லும்.

வங்கிக் கடனுக்கான வட்டியை இதில் சேர்க்கவில்லை. வீடு நேரத்துக்குக் கிடைத்திருந்தாலும் அந்த வட்டியை நான் கட்டித்தான் இருப்பேன் என்பதால், வாடகையையும் வட்டியையும் ஒன்றாகக் கேட்பது ஒரே நட்டத்துக்கு இரண்டு தடவை கைநீட்டுவதாகும். மனவருத்தத்துக்கும் தொகை எதுவும் குறிப்பிடவில்லை. ஒப்பந்த மீறலில் அதற்கு நட்டஈடு கிடைப்பது அரிது என்று எனது சட்டத்தரணி கூறினார். அவருடைய சொல்லை ஏற்றுக்கொண்டேன்.

கோரப்படும் தொகை மிகையானதென்று எண்ணுவீர்களாயின், உடன்படிக்கையின் 9ஆம் பிரிவை ஒருமுறை பார்க்கவும். கொள்வனவாளர் தவணை தவறினால் மாதம் 2 வீத வட்டி என்று அதில் இருக்கிறது. சிறுபோக நெல் விற்ற காசு கைக்கு வரப் பிந்தியதால் 2023 செப்தெம்பரில் 4,000,000 ரூபாத் தவணையை ஒன்பது நாட்கள் தாமதமாகக் கட்டினேன். அதற்கு 24,000 ரூபா அறவிட்டீர்கள், மறுபேச்சின்றிச் செலுத்தினேன். அதே அளவுகோலை நான் கட்டிய பணத்துக்கு வைத்துப் பார்த்தால் பத்து மாதங்களுக்கு 5,760,000 ரூபா வரும். நான் கேட்பது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே இக்கடிதம் கிடைத்து இருபத்தொரு நாட்களுக்குள் 904,400 ரூபாவைச் செலுத்துமாறும், இணக்கச் சான்றிதழ், கூட்டாதன வரைபடப் பதிவு, நீர் மற்றும் மின் இணைப்புகள், மின்தூக்கி ஆகியன எந்தெந்தத் திகதியில் நிறைவுறும் என்பதை எழுத்துமூலம் அறிவிக்குமாறும், 31.01.2026 ஆம் திகதிக்குப் பிந்தாமல் வீட்டை முறைப்படி ஒப்படைக்குமாறும் இத்தால் கோருகிறேன். மீதி 3,200,000 ரூபா ஆயத்தமாக உள்ளது, அன்றே செலுத்துவேன்.

31.01.2026 ஆம் திகதியும் தவறுமாயின், அத்திகதி இந்த உடன்படிக்கையின் சாராம்சமான நிபந்தனையாகும் என்பதற்கு இக்கடிதமே அறிவித்தலாகக் கொள்ளப்படவேண்டும். அந்நிலையில் உடன்படிக்கையைக் கைவிட்டு, செலுத்திய 28,800,000 ரூபாவை மீளப் பெறுவதற்கும், இங்கு குறிப்பிட்ட நட்டங்களுக்கும், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 192ஆம் பிரிவின்படியான சட்ட வட்டிக்கும், வழக்குச் செலவுக்கும் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடருவேன். எழுத்திலான உடன்படிக்கையின் மீறலுக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகளை அனுமதிக்கிறது. ஆயினும் அவ்வளவு காலம் காத்திருக்கும் எண்ணம் எனக்கில்லை.

இக்காலத்தில் தங்களிடமிருந்து நான் பெறும் எந்தத் தொகையும், எந்தத் திறப்பும், மேற்கூறிய உரிமைகளுக்குப் பங்கமின்றியே பெறப்படும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
4/2 இலக்க வீட்டின் கொள்வனவாளர்

இணைப்புகள்: உடன்படிக்கையின் பிரதி, கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகள், வாடகை ஒப்பந்தமும் பற்றுச்சீட்டுகளும், முற்பதிவு விண்ணப்பத்தின் பிரதி, 02.12.2024 திகதிய வட்ஸ்அப் செய்தியின் அச்சுப்பிரதி, 18.10.2025 அன்று எடுத்த பதினொரு படங்கள்.

பிரதி: கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை, எனது சட்டத்தரணி, வவுனியா.