தரம் 11 கணிதம் – செயலட்டை: ஏணியும் நிழலும்

பைதகரசின் தேற்றம், சமகோண முக்கோணிகள். நேரம் 40 நிமிடம். கணிகருவி வேண்டாம். சுவர், மரம், கம்பம் எல்லாம் நிலைக்குத்து, தரை கிடை எனக் கொள்க. ஒவ்வொன்றுக்கும் பரும்படிப் படம் கீறிய பின்பே சமன்பாடு எழுதுக.

செய்து காட்டிய கணக்கு

6.5 மீ ஏணியின் அடி, சுவரிலிருந்து 2.5 மீ தூரத்தில் உள்ளது. ஏணியின் நுனி 0.8 மீ கீழே வழுக்கினால் அடி எவ்வளவு நகரும்?

ஏணிதான் செம்பக்கம், வழுக்கினாலும் அதன் நீளம் மாறாது.
முன்பு: உயரம்² = 6.5² − 2.5² = 42.25 − 6.25 = 36; உயரம் 6 மீ.
பின்பு: உயரம் 6 − 0.8 = 5.2 மீ. அடித்தூரம்² = 42.25 − 27.04 = 15.21, அடித்தூரம் 3.9 மீ.
அடி நகர்ந்தது 3.9 − 2.5 = 1.4 மீ.

"நுனி 0.8 இறங்கினால் அடியும் 0.8 நகரும்" என்று எழுதுவோர் பலர். மாறாமல் இருப்பது வர்க்கங்களின் கூட்டுத்தொகை, பக்கங்களின் கூட்டுத்தொகை அல்ல. 15.21இன் வர்க்கமூலம் தடுக்கினால் 5.2 = 4 × 1.3, 6.5 = 5 × 1.3 என்று பாருங்கள். மற்றப் பக்கம் 3 × 1.3.

வினாக்கள்

1. 7.5 மீ ஏணியின் அடி சுவரிலிருந்து 2.1 மீ தூரத்தில் இருந்தது. அதை 4.5 மீ தூரத்துக்கு இழுத்தால் நுனி எவ்வளவு இறங்கும்?

2. வீட்டுச் சுவரில் சாய்ந்த 6.5 மீ ஏணி, இடையிலுள்ள 1.8 மீ உயர மதிலின் உச்சியையும் தொடுகிறது. ஏணியின் அடி வீட்டுச் சுவரிலிருந்து 2.5 மீ. மதிலின் தடிப்பைப் புறக்கணித்து, வீட்டுக்கும் மதிலுக்கும் இடைத்தூரம் காண்க.

3. ஒரு பிற்பகலில் நிலைக்குத்தாக நட்ட 1.2 மீ தடியின் நிழல் 0.9 மீ. அதே நேரம் பனையடியின் விளிம்பிலிருந்து நிழல் நுனிவரை 8.8 மீ, பனையடியின் விட்டம் 0.4 மீ.
(அ) பனையின் உயரம் யாது? நிழலை மரத்தின் நடுவிலிருந்து கணக்கிடுக.
(ஆ) நிழல் நுனியிலிருந்து பனை உச்சிக்கு நேர்த்தூரம் யாது?
(முற்றத்தில் அளந்து பார்ப்பவர்கள் நண்பகலைத் தவிருங்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு நேரே வரும். அளக்க நிழலே இராது.)

4. அதே வெயிலில் ஒரு தென்னையின் நிழல், அடிமரத்தின் நடுவிலிருந்து தரையில் 7.5 மீ சென்று, எதிர்ச் சுவரில் 1.6 மீ ஏறுகிறது. தென்னையின் உயரம் யாது?
குறிப்பு: 7.5 + 1.6 எனக் கூட்டாதீர்கள். சுவர் நிழலின் உச்சியிலிருந்து மரத்துக்குக் கிடைக்கோடு கீறுக.

5. 6 மீ உயர வீதி விளக்கிலிருந்து 5.4 மீ தள்ளி 1.5 மீ உயர மாணவி நிற்கிறாள். அவளின் நிழல் x மீ. x யாது?
வெயிலின் கதிர்களைச் சமாந்தரமாகக் கொள்ளலாம். விளக்கின் கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிபவை. பெரிய முக்கோணியின் அடி 5.4 அல்ல, 5.4 + x.

விடைகள்
1) 1.2 மீ 2) 1.75 மீ 3) 12 மீ, 15 மீ 4) 11.6 மீ 5) 1.8 மீ (1.35 வந்தால் x/1.5 = 5.4/6 என எழுதியிருப்பீர்கள்.)