புதிய நியமனங்கள்: நேர்காணல் எடுக்க 12 பேர் தேவை, மே 27-க்குள் பதில் அனுப்புங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பேமென்ட்ஸ் குழுவில் நான்கு புதிய பணியிடங்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது: மூத்த பேக்எண்ட் பொறியாளர் இருவர், ஃபிரண்ட்எண்ட் பொறியாளர் ஒருவர், டெஸ்டிங் பொறியாளர் ஒருவர். ஜூன் 8 முதல் ஜூலை 17 வரை ஆறு வாரங்களில் நேர்காணல்களை முடிக்கத் திட்டம். அதற்கு நேர்காணல் எடுக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். மேலாளர்கள் மட்டும் உட்கார்ந்து ஆள் எடுப்பதை இந்த முறை தவிர்க்க விரும்புகிறேன். வருபவரோடு தினமும் வேலை பார்க்கப் போவது நீங்கள்தான். அவர் எழுதும் கோடைப் படிக்கப் போவதும், அவர் விட்டுப்போன பிழைக்காக நடு இரவில் எழுந்திருக்கப் போவதும் நீங்கள்தான்.

விருப்பம் உள்ளவர்கள் மட்டும் முன்வந்தால் போதும். வேண்டாம் என்று சொல்பவர்களிடம் காரணம் கேட்க மாட்டேன்.

முதலில் நேரக் கணக்கு. 'கொஞ்ச நேரம்தான் ஆகும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பிறகு எல்லாருக்கும் சிரமம், அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். மனிதவளத் துறை தொலைபேசியில் பேசி வடிகட்டிய பிறகு சுமார் 24 பேர் நம்மிடம் வருவார்கள். அவர்கள் எல்லாருக்கும் கோட் சுற்று உண்டு. அதைத் தாண்டும் 12 பேருக்கு வடிவமைப்புச் சுற்று ஒன்று, சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிய சுற்று ஒன்று. மொத்தம் 48 நேர்காணல்கள். ஒவ்வொன்றிலும் நம் பக்கம் இருவர் இருப்போம்: ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் குறிப்பெடுப்பார். பன்னிரண்டு பேர் கிடைத்தால் ஆளுக்கு எட்டு வரும். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் யாருக்கும் போட மாட்டேன்.

ஒரு நேர்காணலுக்கு, ரெஸ்யூமேயும் கேள்வித் தாளும் பார்த்துத் தயாராக 15 நிமிடம், நேர்காணல் 60 நிமிடம், மதிப்பீட்டை எழுத 30 நிமிடம். ஆக ஒன்றே முக்கால் மணி நேரம். எட்டுக்கும் சேர்த்து 14 மணி நேரம். இறுதிச் சுற்றுவரை வந்த ஒவ்வொருவருக்கும் அரை மணி நேர முடிவுக் கூட்டம் உண்டு. உங்களுக்கு ஆறு கூட்டங்கள் வரலாம், அது மூன்று மணி நேரம். தொடக்கத்தில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. தனியாக எடுப்பதற்கு முன் அனுபவம் உள்ளவர் எடுக்கும் ஒரு நேர்காணலில் கூட உட்கார்ந்து கவனிக்க ஒரு மணி நேரம். எல்லாம் கூட்டினால் ஆறு வாரத்தில் 20 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த நேரம் உங்கள் மாலையிலிருந்து எடுக்கப்படாது. பிராடக்ட் பொறுப்பாளர்களிடம் பேசிவிட்டேன். நேர்காணல் எடுப்பவர்களுக்கு ஆறு வாரமும் ஸ்பிரிண்ட் திட்டத்தில் வாரத்துக்கு அரை நாள் கழித்துத்தான் வேலை ஒதுக்கப்படும். ஆன்கால் வாரத்தில் உங்களுக்கு நேர்காணல் இருக்காது. மாத இறுதி ரிலீஸ் நாட்களிலும் வைக்க மாட்டோம். வேலை நேரத்துக்குப் பிறகு மட்டுமே வர முடியும் என்று விண்ணப்பதாரர் கேட்டால், உங்கள் சம்மதம் இருந்தால்தான் அந்த நேரத்தில் போடுவோம். அதற்கு ஈடாக மறுநாள் தாமதமாக வரலாம்.

அடுத்து, எதை மதிப்பிட வேண்டும் என்பது. இந்த மடலில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கோட் சுற்றில் புதிதாக ஒன்றை எழுதச் சொல்வதைவிட, இருக்கும் ஒன்றைப் படித்துத் திருத்தச் சொல்லப் போகிறோம். நம் வேலையின் பெரும்பகுதி அதுதானே. கீழே இருப்பது பழைய கேள்வி. இனி இதைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதால் இங்கே காட்டுகிறேன்:

```python
def charge(order):
    for attempt in range(3):
        try:
            return gateway.pay(order.card, order.amount)
        except Timeout:
            continue
```

இந்தக் கோட் ஓடும். பார்வைக்கும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் டைம்அவுட் வந்தால் பணம் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். கேட்வே பணத்தை எடுத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், வாடிக்கையாளரிடம் மூன்று முறைவரை பணம் எடுத்துவிடுவோம். மூன்று முறையும் டைம்அவுட் ஆனால் இந்த ஃபங்ஷன் எந்தப் பிழையும் எழுப்பாமல் `None` தரும். கூப்பிட்டவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்?

இரட்டைப் பணம் எடுக்கும் ஆபத்தைத் தானாகக் கண்டுபிடிப்பவர் ஒரு ரகம். 'வாடிக்கையாளர் இரண்டு முறை பணம் போனதாகப் புகார் செய்கிறார்' என்று நாம் சொன்ன பிறகு வந்து சேர்பவர் இன்னொரு ரகம். தொடர்ந்து, ஒவ்வொரு கட்டணத்துக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் கேட்வே புதிதாகப் பணம் எடுக்காதபடி செய்யலாம் என்று சொல்கிறாரா, அல்லது மறுமுயற்சியையே நீக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறாரா என்று பாருங்கள். 'ஐடெம்பொட்டென்ஸி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லைத் தெரிந்து கருத்தைத் தெரியாதவரும் உண்டு, கருத்தைத் தெரிந்து சொல்லைத் தெரியாதவரும் உண்டு. நமக்குத் தேவை பின்னவர்.

வடிவமைப்புச் சுற்றில் ஒரு சிறிய அமைப்பைக் கொடுப்போம். உதாரணமாக, பணத்தைத் திருப்பித் தரும் சேவை. படம் எவ்வளவு அழகாக வரைகிறார் என்பது முக்கியமில்லை. வரைவதற்கு முன் என்ன கேட்கிறார்? ஒரு நாளைக்கு எத்தனை கோரிக்கை, பாதியில் நின்றால் யார் கவனிப்பார், கணக்கு எப்போது சரிபார்க்கப்படும் என்றெல்லாம் கேட்டுக்கொள்கிறாரா? நடுவில் நாம் ஒரு நிபந்தனையை மாற்றினால் முன்பு சொன்னதைக் கைவிடத் தயாராக இருக்கிறாரா? ஃபிரண்ட்எண்ட் பணிக்கு வருபவருக்கு இதே சுற்றில் கட்டணப் பக்கம் ஒன்றின் வடிவமைப்பு: நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போதும், பயனர் பட்டனை இரண்டு முறை அழுத்தும்போதும் என்ன நடக்கும், திரையைக் கண்ணால் பார்க்க முடியாதவர் எப்படிப் பயன்படுத்துவார் என்பவை. டெஸ்டிங் பணிக்கு ஒரு அம்சத்தின் சோதனைத் திட்டம். ரிலீஸுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் எதைச் சோதிப்பார், எதை விடுவார், ஏன்? விடுவதைச் சொல்லத் தெரியாதவர் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுவார்.

மூன்றாவது சுற்றுதான் எளிதில் அரட்டையாகிவிடும். இதில் நடந்த சம்பவங்களை மட்டுமே கேட்போம். 'கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் எல்லாரும் பொறுமையாகப் பேசித் தீர்ப்பேன் என்பார்கள். 'உங்கள் கோட் ரிவ்யூவில் கடைசியாக ஒருவர் கடுமையாக மறுத்தது எப்போது? அப்போது நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?' என்று கேளுங்கள், விவரம் வரும். விவரம் வரவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'நம் ஆளு மாதிரி இருக்கிறார்', 'நமக்கு ஒத்துவர மாட்டார்' என்பவற்றைப் படிவத்தில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் சொன்னது என்ன, செய்தது என்ன என்பது வேண்டும். ஆங்கிலம் தடுமாறியது, கேமரா முன் கூச்சப்பட்டார் என்பதற்கெல்லாம் மதிப்பெண் குறைக்கக் கூடாது. சொல்ல வந்தது நமக்குப் புரிந்ததா என்பதே கேள்வி.

ஒரே பணிக்கு வரும் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோல். இது நம் மனிதவளத் துறையின் பிடிவாதம் இல்லை. ஆள் தேர்வு முறைகளைப் பற்றி 1998-ல் ஷ்மிட்டும் ஹன்டரும் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வில், கேள்விகளை முன்பே வகுத்து நடத்தும் நேர்காணல், போகிற போக்கில் பேசும் நேர்காணலைவிட வேலைத்திறனை நன்றாகக் கணித்தது. 2022-ல் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்குகளை மறுபரிசீலனை செய்து பல முறைகளின் மதிப்பைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் வகுத்து நடத்தும் நேர்காணல் வரிசையில் முன்னணியில்தான் நிற்கிறது. ஆகவே, மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற ரகக் கேள்விகளை யாரும் கொண்டுவர வேண்டாம். அவை கேட்பவருக்கு மட்டுமே சுவாரசியம்.

மதிப்பெண் 1 முதல் 4 வரை. 'பரவாயில்லை' என்று நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது என்பதற்காகத்தான் இரட்டைப்படை எண். நேர்காணல் நடந்த அன்றே படிவத்தை நிரப்ப வேண்டும். கூட இருந்தவரின் மதிப்பெண்ணை அதுவரை நீங்கள் பார்க்க முடியாது. அவரோடு சாட்டில் பேசிக்கொள்ளவும் வேண்டாம். முடிவுக் கூட்டத்தில் இருவரும் வேறுபட்டால் நல்லதுதான், அதைப் பேசத்தான் அந்த அரை மணி நேரம். அனுபவம் குறைந்தவர் முதலில் பேசுவார், நான் கடைசியில் பேசுவேன்.

கேட்கவே கூடாதவை: திருமணம், குழந்தை, சாதி, மதம், வயது, உடல்நலம். பேச்சைத் தொடங்குவதற்காக நட்போடு கேட்டாலும் கூடாது. விண்ணப்பதாரரே இவற்றைச் சொன்னால் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள், குறிப்பில் எழுத வேண்டாம். சம்பளப் பேச்சு முழுக்க மனிதவளத் துறையுடையது.

யார் வரலாம்? நம் குழுவில் ஓராண்டு முடித்த யாரும் வரலாம். பத்தாண்டு அனுபவம் தேவையில்லை. சொல்லப்போனால், தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள ஆர்வப்படாமல், எதிரில் இருப்பவர் யோசிக்க அரை நிமிடம் மௌனமாக இருக்கத் தெரிந்தவர்தான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறார். அமைதியாக இருக்கிறோமே, நேர்காணல் எடுக்க நமக்கு வராது என்று நினைப்பவர்கள் கட்டாயம் யோசித்துப் பாருங்கள். குறிப்பெடுப்பதை மட்டும் செய்ய விரும்பினாலும் சரி. டெஸ்டிங்கில் இருந்து குறைந்தது மூவரும் ஃபிரண்ட்எண்டில் இருந்து இருவரும் வந்தால் சுற்றுகளைச் சரியாகப் பிரிக்கலாம். விண்ணப்பித்தவர்களில் உங்கள் உறவினரோ நெருங்கிய நண்பரோ முன்பு கூட வேலை பார்த்தவரோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவருடைய நேர்காணலில் உங்களைப் போட மாட்டோம்.

பயிற்சி ஜூன் 2 செவ்வாய், ஜூன் 4 வியாழன் ஆகிய இரு நாட்களிலும் காலை 11 மணிக்கு நடக்கும். ஏதாவது ஒரு நாள் வந்தால் போதும். முன்பே நேர்காணல் எடுத்தவர்களும் வர வேண்டும், ஏனென்றால் படிவம் புதிது. அங்கே ஒரு மாதிரி நேர்காணலை எல்லாரும் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுவோம்.

பதில் அனுப்பும்போது மூன்று விவரம் போதும்: எந்தச் சுற்று விருப்பம், வாரத்தில் எந்த நாட்கள் ஒத்துவரும், ஜூன் 8 முதல் ஜூலை 17-க்குள் நீங்கள் எடுக்கப்போகும் விடுப்பு. மே 27 புதன்கிழமை மாலைக்குள் இந்த மடலுக்கு நேரடியாக எனக்கு மட்டும் பதில் போடுங்கள். எல்லாருக்கும் போக வேண்டாம். யார் முன்வந்தார், யார் வரவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பன்னிரண்டுக்கு மேல் வந்தால் ஆளுக்கு வரும் எண்ணிக்கையைக் குறைப்பேன், யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். குறைந்தால் உங்கள் சுமையைக் கூட்டாமல் அட்டவணையை ஜூலை இறுதிவரை நீட்டுவேன்.

பதில் சொல்வதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், செவ்வாய், புதன் இரு நாட்களும் பிற்பகல் 3 முதல் 4 வரை என் காலண்டரைக் காலியாக வைத்திருக்கிறேன்.

நன்றி,
பொறியியல் மேலாளர், பேமென்ட்ஸ் குழு