கொஞ்ச நாளைக்குப் போனை எடுக்க மாட்டேன், கோபமெல்லாம் இல்லை

ஏய், நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டபோது போன் என் கையில்தான் இருந்தது. அடித்து ஓயும் வரை உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. காலையில் "தூங்கிட்டேன்" என்று அனுப்பினேனே, அது பொய். இந்த வாரத்தில் மூன்றாவது பொய். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒவ்வொன்றும் உறுத்துகிறது, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும், போன வாரம் பேசியதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து எங்கே தப்பு நடந்தது என்று நீ தேட ஆரம்பிப்பாய். தேடாதே, நீ எதுவும் செய்யவில்லை. அப்பா போன அன்றைக்கு வந்து நான்கு நாள் என்னோடு தரையில் பாய் போட்டுப் படுத்தவள் நீ, அதையெல்லாம் மறக்கிற ஆள் இல்லை நான்.

விஷயம் என்னவென்றால், மற்றவர்கள் கேட்டால் "பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறது. உன்னிடம் அது முடிவதில்லை. நீ "சாப்பிட்டியா" என்று கேட்கிற குரலிலேயே உடைந்துவிடுகிறேன், அப்புறம் நீ ஆறுதல் சொல்லிப் போனை வைத்த பிறகு என்னை நானே தேற்றிக்கொள்ள நடுராத்திரி ஆகிவிடுகிறது, காலையில் அம்மாவுக்கு முன்னால் தெம்பாக நிற்க வேண்டிய நேரத்தில் கண் வீங்கிக் கிடக்கிறது. அழுவது தப்பில்லை. ஆனால் தினமும் அதே கதவைத் திறந்து பார்க்க இப்போது எனக்குச் சக்தி இல்லை. நீ நெருக்கம் என்பதால்தான் இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, தூரமானவளாக இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அதனால் இந்த மாதம் முடியும் வரை போன் வேண்டாம், நேரில் வருவதும் வேண்டாம். ஒரேயடியாகக் காணாமல் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே ஒரு வரி அனுப்புகிறேன். உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் வழக்கம்போல அனுப்பு, உன் வீட்டுப் பூனை படமும் அனுப்பு, கட்டாயம் பார்ப்பேன், பதில் மட்டும் எதிர்பார்க்காதே. அவசரமென்றால், உனக்கு ஏதாவது ஆனால், அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடு. எந்த நேரமானாலும் எடுப்பேன், சத்தியமாக.

பயப்படாதே. சாப்பிடுகிறேன், தூக்கம் அரைகுறையாக வருகிறது, வேலைக்கும் போகிறேன். இதைவிட மோசமானால் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்ள மாட்டேன், முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன்.

உனக்கு வருத்தமாக இருந்தால் அதையும் எழுது, மறைக்காதே. கோபப்பட்டாலும் சரி. ஆனால் இன்றைக்கே நீளமாகப் பதில் எழுத உட்காராதே. படித்துவிட்டாய் என்று தெரிய ஒரு "சரி" போதும்.