தேன்மொழி – கதிரவன் திருமண அழைப்பிதழ்

உ
முருகன் துணை

அன்புடையீர்,

வணக்கம். நிகழும் மங்களகரமான பராபவ ஆண்டு ஆவணி மாதம் 7ஆம் நாள் (23.08.2026) ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை ஏகாதசித் திதியும் மூல நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 8 மணிக்கு மேல் 9 மணிக்குள் கன்னி லக்னத்தில்,

சுவாமிமலை அமரர் சிதம்பரம் – தையல்நாயகி ஆகியோரின் பேத்தியும், ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் சி. இராமலிங்கம் – கமலா தம்பதியரின் இளைய மகளுமான

திருநிறைசெல்வி இரா. தேன்மொழி, எம்.எஸ்சி., பி.எட்.

அவர்களுக்கும்,

காங்கேயம் அமரர் முத்துசாமி – பழனாத்தாள் ஆகியோரின் பேரனும், சென்னியப்பன் – ருக்மணி தம்பதியரின் மகனுமான

திருநிறைசெல்வன் டாக்டர் செ. கதிரவன், பி.வி.எஸ்சி.

அவர்களுக்கும், இருவீட்டுப் பெரியோர்களால் நிச்சயித்தபடி, சுவாமிமலை தெற்கு வீதியில் உள்ள எங்கள் இல்லத்தின் வாசல் பந்தலில் திருமணம் நடைபெற முருகப்பெருமான் திருவருள் கூட்டியிருக்கிறது. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ, முதல் நாளே வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.

மேலே உள்ளது எல்லா அழைப்பிதழ்களிலும் இருக்கும் வாசகம்தான். அது குறையக் கூடாது என்பதால் அப்படியே வைத்துவிட்டேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் பிறருடைய கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துறையில் இருந்தவனுக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

சம்பந்தம் பேசியபோது இரு வீட்டாருக்கும் சாதகத்திலோ சீரிலோ சிக்கல் எழவில்லை. கல்யாணத்தை எந்த முறையில் நடத்துவது என்பதில்தான் இழுபறி. எங்கள் பக்கத்தில் ஓமம் வளர்த்து, தீவலம் வந்து, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்தால்தான் கல்யாணம். கொங்கு நாட்டில் அவர்களுக்கு அருமைக்காரர் முன்னின்று சீர் செய்ய வேண்டும். மங்கல வாழ்த்துப் பாடாமல் கல்யாணம் நிறைவடையாது. "உங்கள் ஊரில் நடப்பதால் உங்கள் முறையே இருக்கட்டும்" என்று சம்பந்தி பெருந்தன்மையாகச் சொன்னார். சொன்ன குரலில் அவ்வளவு சம்மதம் தெரியவில்லை. ருக்மணி அம்மாள் குனிந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் என் மனைவிதான் வழக்கை முடித்தாள்: "பந்தல் நம்முடையது, இரண்டு நாளும் நம்முடையது, இரண்டையும் செய்தால் யார் கேட்பார்கள்?"

ஆகவே சனிக்கிழமை மாலை காங்கேயத்தாரின் சீர்கள் நடைபெறும். அவற்றில் இணைச்சீரை அவசியம் பாருங்கள். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை முன்னிறுத்திச் செய்கிற சீர் அது. கல்யாணமாகிப் போன அக்காவுக்குத் தம்பியின் கல்யாணத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நம் பக்கத்தில் இல்லாதது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கம்பர் இயற்றியதாகக் கொங்கில் சொல்லப்படும் மங்கல வாழ்த்து, ஞாயிறு காலை தாலி கட்டும் முன் பாடப்படும். அது முடியும்வரை நாதசுரக்காரர் காத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் காத்திருப்பார். நம் வீட்டுப் பெரியவர்களும் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று அவசரப்படுத்தாமல் இருக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறேன். தாலி மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி அமைந்தது. அதன் வடிவத்தைப் பார்த்துவிட்டுப் பந்தலில் கருத்துச் சொல்ல வேண்டாம். முக்கியமாக என் சகோதரிகள்.

நிகழ்ச்சிகள்

ஆவணி 3, புதன்கிழமை (19.08.2026) காலை 9.30 மணி: முகூர்த்தக்கால் ஊன்றுதல். பங்காளிகளும் தெருவாரும் வந்தால் போதும்.

ஆவணி 6, சனிக்கிழமை (22.08.2026) மாலை 5 மணி: சுவாமிநாத சுவாமி கோயில் வாசலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. 7 மணிக்கு இணைச்சீரும் பிற சீர்களும். இரவு விருந்து.

ஆவணி 7, ஞாயிற்றுக்கிழமை (23.08.2026) காலை 6.30 மணி முதல் சிற்றுண்டி. 8 மணிக்கு மேல் 9 மணிக்குள் திருமாங்கல்ய தாரணம். 11 மணி முதல் மதிய விருந்து.

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை (30.08.2026) நண்பகல் 12 மணி: காங்கேயத்தில் சம்பந்தி வீட்டில் மறுவீட்டு விருந்து. சுவாமிமலையில் இரண்டு நாளும் சைவச் சாப்பாடு. காங்கேயத்தில் கறி விருந்து. எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் இரண்டாவதற்கு மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்வி. இரண்டுக்கும் வர வேண்டும்.

சனிக்கிழமை இரவுச் சமையல் காங்கேயத்திலிருந்து வரும் சமையல்காரர்களுடையது: சந்தகையும் தேங்காய்ப்பாலும், ஒப்பிட்டும். ஞாயிறு நம் தஞ்சாவூர்ச் சமையல். சாம்பாருக்கு யார் பருப்பு என்று இரு தரப்பும் ஏற்கெனவே தொலைபேசியில் மோதிக்கொண்டுவிட்டன. அதில் நான் தலையிடவில்லை.

வரும் வழி: கோவையிலிருந்து காலையில் புறப்படும் ஜன சதாப்தியில் ஏறினால் திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் பிற்பகலில் கும்பகோணத்தில் இறங்கலாம். கொங்கு உறவினர்கள் சனிக்கிழமை அதில் வந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு நேரம் இருக்கும். சென்னையில் உள்ளவர்கள் வெள்ளி அல்லது சனி இரவு எழும்பூரில் உழவன் விரைவு ரயிலைப் பிடித்தால் விடியுமுன் கும்பகோணம். அங்கிருந்து சுவாமிமலைக்கு நகரப் பேருந்துகள் உண்டு. ரயில் நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் என் தம்பி மகன் வேன் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடுவான். தங்குவதற்குத் தெருவில் ஐந்து வீடுகள் ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெந்நீர், பாய், தலையணை எல்லாம் இருக்கும். கட்டில் வேண்டிய முதியவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆவணியில் மாலை மழை பெய்யக்கூடும் என்பதால் ஓலைப் பந்தலுக்கு மேல் தகரமும் போடுகிறோம். தெற்கு வீதியில் அன்று கார் நுழைய இடம் இராது.

சாமி கும்பிட நினைப்பவர்கள் சனிக்கிழமையே மலை ஏறிவிடுவது நல்லது. ஏறும் 60 படிகளுக்கும் 60 தமிழ் ஆண்டுகளின் பெயர்கள். இந்தப் பராபவ ஆண்டு அவற்றில் 40ஆவது. ஆவணியின் முதல் ஞாயிறு என்பதால் மறுநாள் மலையிலும் கல்யாணக் கூட்டம் நெரியும்.

வரதட்சிணை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, நாங்கள் பேசவில்லை. மொய் எழுத மேசை போட்டிருக்கிறோம். பழைய மொய் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, திருப்பிச் செய்ய வேண்டியவர் யாரையும் நான் மறக்கவில்லை. பூங்கொத்தும் சுவர்க்கடிகாரமும் மட்டும் வேண்டாம். மூத்தவள் கல்யாணத்தில் வந்த கடிகாரங்களே இன்னும் பரணில் இருக்கின்றன.

திங்கட்கிழமை காலை கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்கிறோம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் செய்ய வேண்டியது, தள்ளிப்போட்டால் மறந்துபோகும். சாட்சிக் கையெழுத்துக்கு மணமகளின் தாய்மாமனும் மணமகனின் அக்கா கணவரும் அடையாள அட்டையுடன் திங்கள் மதியம்வரை ஊரில் இருக்க வேண்டும்.

தங்கள் நல்வரவை விரும்பும்,

சி. இராமலிங்கம் – கமலா, சுவாமிமலை
சென்னியப்பன் – ருக்மணி, காங்கேயம்
மற்றும் இரு வீட்டு உற்றார் உறவினர்

பி.கு.: ஞாயிறு ஏகாதசி. விரதம் இருக்கும் பெரியவர்களுக்குப் பாலும் பழமும் அவலும் கூடத்தில் தனியாக வைத்திருக்கும். அத்தை மீனாட்சியைக் கேட்டால் எடுத்துத் தருவார்.