12 வார உடற்பயிற்சித் திட்டம்: அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்க

போன முறை வாரத்துக்கு ஆறு நாள் என்று எழுதினேன். பதினோராம் நாள் மாதக் கணக்கு முடிப்பு வந்தது. ஒரு நாள் விட்டுப்போனது. மறுநாள் இரண்டு நாள் பயிற்சியையும் சேர்த்துச் செய்ததில் தொடை பிடித்துக்கொண்டது. அத்தோடு சரி. என்னை வீழ்த்தியது அந்த விட்டுப்போன நாள் அல்ல, மறுநாள் கடன் அடைக்கப் போனதுதான். இந்த முறை கடன் கணக்கே கிடையாது.

நேரம்: காலை 6:10 முதல் 6:50 வரை, சனிக்கிழமை மட்டும் 7:10 வரை. மாலை என் கையில் இல்லை. ஏழு மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால் அது நல்ல நாள்.

திங்கள், வியாழன்: தசைப் பயிற்சி. குந்தி எழுந்திருத்தல், மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால், முன்னால் குனிந்து டம்பெல்லை இடுப்புவரை இழுத்தல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. சுற்றுகளுக்கிடையே 90 வினாடி. கடைசியில் பிளாங்க், நடுக்கம் வரும்வரை. தொடர்ந்து இரண்டு முறை மூன்று சுற்றிலும் 12 வந்தால்தான் 6 கிலோவிலிருந்து 8 கிலோ. உற்சாகம் பொங்கும் நாளில் எடையைக் கூட்டக் கூடாது. எனக்கு அது மூன்றாவது வாரத்தில் பொங்கும், தெரியும்.

புதன்: 40 நிமிட வேக நடை. சனி: ஒரு மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். இவற்றோடு ஐந்து வேலை நாட்களிலும் மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தால் வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுவே. தசைப் பயிற்சிக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது என்கிறது. அதற்கு மேல் ஆசைப்பட இந்த 12 வாரத்தில் இடமில்லை.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு: ஓய்வு. செவ்வாய் மாலைக் கூட்டம் எட்டு மணிக்குக் குறையாது என்பதால் அன்று எப்படியும் தெம்பு இருக்காது. தசை வலி உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோதான். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை வலிக்கவில்லையே என்று டம்பெல்லைத் தொடுவது தடை. மதிய நடையும் படிக்கட்டும் ஓய்வைக் கெடுக்காது.

விட்டுப்போனால்:

தசைப் பயிற்சியை ஒரே ஒரு நாள் தள்ளலாம். திங்கள் போனால் செவ்வாய், வியாழன் போனால் வெள்ளி. அதுவும் போனால் போனதுதான். நடையைத் தள்ளுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் கொண்டுபோகக் கூடாது. ஒரே நாளில் இரண்டு பயிற்சி ஒருபோதும் இல்லை.

6:35-க்குத்தான் விழிப்பு வந்ததா? ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று, 15 நிமிடம். காலண்டரில் முழுக் குறி போடலாம். இது ஏமாற்று வேலை என்று மனம் சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் தசைப் பயிற்சிக்குப் பதில் 20 நிமிட நடை. அதுவும் கணக்கில் சேரும். மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல் என்றால் எதுவும் இல்லை. விட்ட பிறகு ஒரு நாள் கழித்து நடையிலிருந்து தொடங்க வேண்டும். நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே என் விதிகளுக்கு வேலையில்லை.

ஒரு வாரம் முழுவதும் போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரு வாரத்தில் பலம் எங்கும் ஓடிவிடாது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ போனால் முதல் வாரம் இரண்டு சுற்று மட்டும், எடையிலும் ஒரு படி குறைவு. முதல் வாரம் என்று எண்ணிக்கையைத் திருப்பி வைக்கக் கூடாது. எட்டாவது வாரம் எட்டாவது வாரமே.

மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் இரண்டே பயிற்சி, எவையானாலும், 15 நிமிட அளவானாலும் சரி. 12 வாரத்தில் இப்படி மூன்று வாரம் வரும். மற்ற ஒன்பதில் நான்கு வீதம் 36, இவை ஆறு, ஆக 42. அதில் 30 முடித்தால் திட்டம் வெற்றி. குறி போடுவது நான், எண்ணுவது என் மனைவி; எனக்குச் சாதகமாக எண்ணும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தொடக்கம் வரும் திங்கள். அலாரம் 5:55. கைப்பேசி கூடத்தில், காலணி வாசலில், டம்பெல் கட்டிலுக்கு அடியில்.