4. மதிப்பீட்டு முறை: புளோக் நிலை விளைவும் நகர்வாரித் திட்டப் பிழையும்

சிங்கப்பூரின் டௌன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் 2015 டிசம்பர் 27 அன்றும் மூன்றாம் கட்டம் 2017 அக்டோபர் 21 அன்றும் திறக்கப்பட்டன. அதனால் பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக மறுவிற்பனை வீடுகளின் விலை ஏறியதா என்று பார்க்க, 2012 முதல் 2019 முடிய நடந்த விற்பனைகளைக் கொண்டு கீழ்க்கண்ட சமன்பாட்டை மதிப்பிடுகிறோம்.

```
ln(P_ibt) = β·D_bt + γ'X_ibt + α_b + λ_mt + ε_ibt
```

P_ibt என்பது b புளோக்கில் t காலாண்டில் கைமாறிய i வீட்டின் விலை. m அந்த புளோக் இருக்கும் நகர். 500 மீட்டர் நடைதூரத்துக்குள் புது நிலையம் திறந்தால், அடுத்த காலாண்டு முதல் D_bt = 1. X_ibt-இல் பரப்பளவு, மாடி, வீட்டு வகை.

எட்டு ஆண்டுகளில் ஒரே வீடு இரண்டு முறை விற்பதே அரிது. அதனால் நிலை விளைவை வீட்டுக்கு வைக்காமல் புளோக்குக்கு வைத்தோம். ஈரச்சந்தை எவ்வளவு பக்கம், பள்ளி எவ்வளவு தூரம் என்பது போன்ற மாறாத விஷயங்களை α_b உறிஞ்சிக்கொள்ளும். நகர் முழுவதையும் ஒருசேர ஆட்டும் மாற்றங்கள் λ_mt-க்குள் அடங்கும். ஆக, ஒரே நகரில் ஒரே காலாண்டில் நிலையத்துக்கு அருகில் உள்ள புளோக்கையும் தள்ளியுள்ள புளோக்கையும் ஒப்பிட்டே β கிடைக்கிறது. முந்தித் திறந்த கட்டத்தைப் பிந்தித் திறந்ததோடு ஒப்பிடும் சிக்கலும் இதனால் பெரும்பாலும் எழுவதில்லை.

குத்தகைக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 99 ஆண்டில் மிச்சமுள்ள காலம் எல்லா புளோக்குகளுக்கும் ஒரே அளவில்தான் குறைகிறது. தொடங்கிய ஆண்டு α_b-க்குள்ளும் கழிந்த காலம் λ_mt-க்குள்ளும் போய்விடுவதால், நேர்கோட்டு வடிவில் சேர்த்தால் அந்த மாறி கழன்றுவிடும். ஆனால் பழைய புளோக்குகளின் மதிப்பு வேகமாகச் சரியலாம் என்ற கவலை நியாயமானது. அதற்காக மிச்சக் காலத்தின் வர்க்கத்தை X_ibt-இல் சேர்த்தோம். அதை நிலை விளைவுகள் முழுதாக விழுங்குவதில்லை.

அப்புறம் திட்டப் பிழை. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வோர் இனத்தாருக்கும் வைக்கும் வரம்பு புளோக்குக்கும் உண்டு, அக்கம்பக்கத்துக்கும் உண்டு. சீனர் ஒதுக்கீடு நிரம்பிய இடத்தில் விற்கும் தமிழ்க் குடும்பம் சீனருக்கு விற்க முடியாததால் வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது. விற்றவரின் இனம் எங்கள் தரவில் இல்லாததால், அந்த அழுத்தம் ε_ibt-இல் தங்கிப் பக்கத்து புளோக்குகளையும் பல காலாண்டுகளையும் பிணைக்கிறது. நிலையம் திறப்பதும் பல புளோக்குகளுக்கு ஒரே நாளில் நடப்பதுதான். புளோக்வாரியாகக் கொத்தமைத்தால் பிழை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும் என்பதால் நகர்வாரியாகக் கொத்தமைக்கிறோம்.

நகர்கள் 26 மட்டுமே. இவ்வளவு குறைந்த கொத்துகளில் வழக்கமான t சோதனை எளிதில் ஏமாற்றும். எனவே p மதிப்புகளை வைல்டு கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் முறையில் தருகிறோம். தெம்பனிஸ், பிடோக், புக்கிட் பாஞ்சாங் என இந்தப் பாதை தொட்ட நகர்கள் அதிலும் சிலவே. அந்நிலையில் பூட்ஸ்ட்ராப்பும் தடுமாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு நகராக விட்டுவிட்டு மறுபடி கணக்கிட்ட β-வையும் முதன்மை அட்டவணையிலேயே சேர்த்துள்ளோம்.